தனிச்சாவி ஆசிரியரிடம் மட்டும் இருக்கட்டும்

பதினோராம் வகுப்பில் ஓபன் ஆபீஸ் கால்க் நடத்தும்போது, ஒரு செல்லில் எழுதும் சூத்திரம் ப்ரொஜெக்டர் திரையில் பின்வரிசை மாணவருக்குத் தெரிவதில்லை. வேயான் என்ற இலவச மென்பொருள் இருந்தால் அவரவர் திரையிலேயே காட்டிவிடலாம். ஆசிரியர் தன் திரையை அனுப்புவது எளிதுதான். ஆனால் மாணவர் கணினி ஒன்றை `Remote control` மூலம் இயக்கி, அந்தத் திரையை `Demo` வழியே மற்றவர்களுக்குக் காட்டுவதே நல்லது என்பேன். மாணவர்கள் கையாளும் அதே பதிப்பும் அதே விசைப்பலகை அமைப்பும் அங்கே தெரியும். தன் கணினியில் மட்டும் வேலை செய்கிற ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திண்டாட வேண்டியதில்லை. அந்த இருக்கையில் இருப்பவர் மட்டும் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். அவருடைய மௌஸும் வேலை செய்துகொண்டே இருக்கும்.

இதற்கான அமைப்பில் நாம் மிகவும் கவனிக்க வேண்டியது சாவிக் கோப்பு. வேயான் இரண்டு சாவிகளை உருவாக்கும். பொதுச்சாவி மாணவர் கணினிகளுக்கு, தனிச்சாவி ஆசிரியர் கணினிக்கு. ஆசிரியர் கணினியை முழுதாக அமைத்துவிட்டு, அதன் வன்தட்டை அப்படியே மற்றவற்றுக்கு நகலெடுத்தால் தனிச்சாவியும் கூடவே போய்விடும். பிறகு அந்தச் சாவிக் கோப்பைப் படிக்க முடிகிற எந்த மாணவரும் எந்தத் திரையையும் இயக்கலாம். எல்லாம் சரியாகவே ஓடுவதால் இந்தத் தவறு கண்ணில் படாது. மாணவர் கணினி ஒன்றில், வேயான் நிறுவிய கோப்புறையில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து இதை இட்டுப் பாருங்கள்:

```
veyon-cli authkeys list
```

`teacher/private` என்று வந்தால் அதை அழிப்பது மட்டும் போதாது. அதற்குள் யாராவது நகலெடுத்திருக்கலாம். புதிய சாவிகளை உருவாக்கி, பழைய பொதுச்சாவியை எல்லாக் கணினிகளிலிருந்தும் நீக்குங்கள். தொலைவிலிருந்து இணைக்கும்போது மாணவருக்கு அறிவிப்புக் காட்டும் அமைப்பையும் இயக்கி வையுங்கள். தன் திரையை ஒருவர் பார்க்கிறார் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

நம் மலையில் இன்னொரு தொல்லை மின்தடை. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவத்திலும், குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகையிலும் மழை பெய்தால் மின்சாரம் போய்ப்போய் வரும். ரௌட்டர் மறுபடி எழும்போது கணினிகளுக்கு வேறு ஐ.பி. முகவரிகளைக் கொடுத்துவிடலாம். வேயான் பட்டியலில் முகவரியை எழுதி வைத்திருந்தால், ஏழாம் கணினி என்ற பெயரின் கீழ் பன்னிரண்டாம் கணினியின் திரை வரும். ஆசிரியர் வேறொரு பிள்ளையின் வேலையில் கை வைத்துவிடுவார். ஆகவே பட்டியலில் கணினியின் பெயரையே எழுதுங்கள், அல்லது ரௌட்டரில் ஒவ்வொரு கணினிக்கும் முகவரியை நிலையாக ஒதுக்கிவிடுங்கள்.

திரை வராமலே போனால் ஆசிரியர் கணினியின் பவர்ஷெல்லில் இதைப் பாருங்கள்:

```
Test-NetConnection PC07 -Port 11100
```

`TcpTestSucceeded` என்பதற்கு `False` வந்தால் பெயர், ஃபயர்வால், வேயான் சேவை இவற்றில் ஒன்றில் கோளாறு இருக்கலாம். `True` வந்தும் திரை மறுக்கப்பட்டால் முதலில் அந்தக் கணினியின் பொதுச்சாவியைப் பாருங்கள். ஃபயர்வாலைத் தொட வேண்டாம். அவசரத்தில் ஃபயர்வாலையே மொத்தமாக அணைத்துவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. 11100 என்ற அந்த ஒரு போர்ட்டையும், டெமோவுக்காகத் திரையைக் காட்டும் கணினியில் 11400-ஐயும் பள்ளி வலையமைப்புக்குள் மட்டும் திறந்தால் போதும்.