கூப்பிடுகிறீர்கள், சரி. எவ்வளவு தருவீர்கள்?

டிசம்பர் 6 நெருங்கினால் என் போனுக்கு ஒரே மாதிரியான செய்திகள் வர ஆரம்பிக்கும். "வணக்கம் தோழர். அண்ணல் நினைவு நாளையொட்டி எங்கள் கல்லூரியில் ஒரு நிகழ்ச்சி. நீங்கள் கண்டிப்பாக வந்து பேச வேண்டும்." என்றைக்கு, எத்தனை மணிக்கு, யார் முன்னால், எதைப் பற்றி, எதுவும் இருக்காது. காசைப் பற்றி இருக்கவே இருக்காது.

சில ஆண்டுகளுக்கு முன் "சமூகநீதி பற்றி ஏதாவது" பேச ஒரு கல்லூரிக்குப் போனேன். பேருந்தில் நான்கு மணி நேரம். மேடையில் கிடைத்தது பத்து நிமிடம். முடிவில் பொன்னாடையும் ஒரு கண்ணாடிக் கேடயமும். எனக்கு மாதச் சம்பளம் வருகிறது, முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்பிவிட்டேன். அதே மேடையில் பறை இசைத்த நான்கு பேர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களுக்கும் பொன்னாடைதான். அதில் ஒருவர் துண்டை மடித்தபடி என்னிடம் கேட்டார்: "இதை எந்தக் கடையில தோழர் மாத்துறது?"

கடந்த ஆண்டு நடந்த இன்னொரு கதையைச் சொல்கிறேன். ஒரு அரசுக் கலைக் கல்லூரியில் வாசகர் வட்டம் நடத்தும் மாணவர்கள், எனக்குத் தெரிந்த ஓர் அக்காவைப் பேச அழைக்க விரும்பினார்கள். அக்கா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். அவர் கணவர் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி விஷவாயு தாக்கி இறந்தவர். இரண்டு ஆண்டு அலைந்து 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வாங்கியவர் அக்கா. மாணவர்கள் அவருக்கு அனுப்பிய செய்தி இதுதான்: "அக்கா, டிசம்பர் 6 நிகழ்ச்சிக்கு வந்து உங்க அனுபவத்தைப் பகிர்ந்துக்கணும்."

அக்கா என்னைக் கூப்பிட்டார். "ஆறாந்தேதியேவா, வேற நாளா? லீவு போட்டா கூலி போயிடும்பா. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வர்றதுக்குள்ள நான் திரும்பிடுவேனா? அவரு செத்ததைக் கேப்பாங்களா?" அந்தச் செய்தியில் இல்லாத எல்லாமே இந்தக் கேள்விகளில் இருந்தன. கடைசிக் கேள்விதான் என்னை உறுத்தியது. "அனுபவப் பகிர்வு" என்று நாம் நல்லெண்ணத்தோடு எழுதுவதை அவர் சரியாகவே மொழிபெயர்த்திருந்தார்: மேடையில் ஏறி அழ வேண்டும்.

அந்த மேடையில் ஒரு பேராசிரியரும் பேச இருந்தார். அவருக்குத் தலைப்பு கொடுத்திருந்தார்கள், 2,000 ரூபாய் மதிப்பூதியமும் பேசியிருந்தார்கள். அக்காவுக்கு? "பஸ் செலவு குடுத்துடலாம்னு நினைச்சோம் தோழர்" என்றான் ஒரு தம்பி. யாரும் திட்டம் போட்டு இப்படிச் செய்யவில்லை. அந்தத் தம்பியும் நம் சேரிப் பையன்தான். படித்தவர் பேசினால் அது உழைப்பு, அக்கா பேசினால் அது சேவை என்ற கணக்கு நமக்குள்ளும் இருக்கிறது. சாதியை எதிர்க்கும் மேடைக்குப் பின்னால் இந்தக் கணக்கு ஓடுவதைச் சொல்லாமல் விட முடியாது.

மாணவர்களோடு ஒரு மாலை உட்கார்ந்து அழைப்பைத் திருத்தினோம். தேதியில்தான் முதல் சிக்கல். "டிசம்பர் 6 நிகழ்ச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், அரங்கு கிடைத்ததோ முந்தைய நாள். ஏப்ரல் 14 அன்று பொது விடுமுறை என்பதால் அந்த விழாவிலும் இதே குழப்பம் வரும். அதனால் தேதியோடு கிழமையையும் எழுதினோம்.

தலைப்பை நாங்கள் முடிவு செய்யவில்லை. எதைப் பற்றிப் பேச விருப்பம் என்று அக்காவிடமே கேட்டோம். ஒப்பந்ததாரர் வீட்டுக்கே வந்து பேரம் பேசியது, காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையில் அவர் பெயரைச் சேர்க்கச் சொல்லி நின்றது, ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்த ரசீதுகளைப் பத்திரப்படுத்தியது என்று வரிசையாகச் சொன்னார். 10 லட்சம் என்பது 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2023 அக்டோபரில் வந்த தீர்ப்பு அதை 30 லட்சமாக உயர்த்தியது என்பதும் அவருக்குத் தெரியும். சட்டக் கல்லூரியில் கற்றுத்தர வேண்டியதை வைத்திருப்பவரிடம் நாம் கண்ணீரைக் கேட்டிருக்கிறோம்.

பார்வையாளர் பற்றி எழுதும்போது ஒரு மாணவி நல்ல கேள்வி கேட்டாள். நிகழ்ச்சியை யூடியூபில் போடப்போகிறோமே, அதைப் பார்ப்பவர்களும் பார்வையாளர்கள்தானே? அக்காவிடம் கேட்டோம். வேண்டாம் என்றார். பிள்ளையின் வகுப்புப் பசங்க பார்ப்பார்கள். சொல்லாமல் விட்டிருந்தால் மேடையில் கேமராவைப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த நேரத்தில் யாரால் மறுக்க முடியும்?

போன கடிதம் இது:

"அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம். டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு எங்கள் கல்லூரிக் கருத்தரங்க அறையில் நீங்கள் பேச வேண்டும் என்று அழைக்கிறோம். தலைப்பு: 'விஷவாயு மரணம்: முதல் தகவல் அறிக்கையிலிருந்து இழப்பீடு வரை'. நீங்கள் 40 நிமிடம் பேசலாம், கேள்விகளுக்கு 20 நிமிடம். இரண்டாம் ஆண்டு வணிகவியல், வரலாறு மாணவர்கள் சுமார் 80 பேரும் ஆசிரியர்கள் மூவரும் இருப்பார்கள். உங்கள் கணவரின் மரணம் பற்றிக் கேள்வி கேட்க வேண்டாம் என்று முன்பே அறிவிப்போம். வீடியோ எடுக்க மாட்டோம். மதிப்பூதியம் 2,000 ரூபாய். போக வர பேருந்துக் கட்டணம் தனி. இரண்டையும் நிகழ்ச்சி முடிந்ததும் கையில் தருவோம். மதிய உணவு எங்களோடு. 2 மணிப் பேருந்தில் ஏற்றிவிடுவோம். இதில் எதையாவது மாற்ற வேண்டும் என்றாலும், வர இயலாது என்றாலும், நவம்பர் 25க்குள் சொன்னால் போதும்."

2,000 எங்கிருந்து வந்தது? கல்லூரி நிதியில் கேட்டால் பில், வங்கிக் கணக்கு நகல் என்று வாங்கிக்கொண்டு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பேராசிரியர் காத்திருப்பார், அக்காவால் முடியாது. அதனால் வாசகர் வட்டத்தில் 50 பேர் ஆளுக்கு 50 ரூபாய் போட்டார்கள். சேர்ந்தது 2,500. எப்போது, எப்படித் தருவோம் என்பதைத் தொகையோடு சேர்த்து எழுத வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். தொகை இருந்தும் மூன்று மாதம் கழித்து வந்தால் அன்றைய கூலி போனது போனதுதான்.

இயக்கத்துக்காரர்கள் காசு கேட்கலாமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். மூத்த தோழர்கள் பலர் வாங்க மாட்டார்கள், அது அவர்கள் பெருமை. ஆனால் தொகையைச் சொன்னால்தானே அவர்களால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? நாமே முந்திக்கொண்டு "அவர் வாங்க மாட்டார்" என்று முடிவு செய்வது அவருடைய தியாகத்தை நாம் செய்வது. கையில் நிஜமாகவே பணம் இல்லையென்றால் அதையும் எழுதிவிடுங்கள்: "மதிப்பூதியம் தர எங்களால் இயலவில்லை. பேருந்துக் கட்டணமும் உணவும் தருகிறோம்." வர முடிந்தவர் வருவார். பொன்னாடைக்கு வைத்திருக்கும் 300 ரூபாயை அதில் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

அக்கா வந்தார். 40 நிமிடம் பேசவில்லை, 25 நிமிடத்தில் முடித்துவிட்டார். ஆனால் கேள்விகள் ஒரு மணி வரை ஓடின. தன் ஊரில் போன மாதம் இறந்த ஒருவருக்கு முதல் தகவல் அறிக்கையே பதிவாகவில்லை என்று கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்து சொன்னான். அவனை உட்காரவைத்துத் தேதி வாரியாக எழுத வைத்துவிட்டுத்தான் சாப்பிட வந்தார். 2 மணிப் பேருந்தைத் தவறவிட்டோம், பிறகு ஒரு தம்பி பைக்கில் கொண்டுபோய் விட்டான்.

இந்த ஜனவரியில் வேறொரு கல்லூரியிலிருந்து அக்காவுக்குப் பழைய மாதிரியே ஒரு செய்தி வந்திருக்கிறது. அவர் அந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து அவர்களுக்கு அனுப்பி, கீழே ஒரு வரி எழுதியிருக்கிறார்: "இது மாதிரி எழுதி அனுப்புங்க தம்பி, பாத்துட்டுச் சொல்றேன்."