பிரவுச்சரில் பூங்கா, சைட்டில் டவர்: பில்டர் பிளானை மாற்ற உங்கள் சம்மதம் எப்போது தேவை?

புக் செய்தபோது காட்டிய படத்தில் வீட்டு ஜன்னலுக்கு எதிரே பூங்கா. சில வருடம் கழித்து அதே இடத்தில் அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். கேட்டால் ‘பிளானை ரிவைஸ் பண்ணி அப்ரூவல் வாங்கிட்டோம் சார்’ என்கிறார் பில்டர். அப்ரூவல் வாங்கிவிட்டால் போதுமா?

போதாது. இதை நாடே பார்க்கும்படி காட்டியது நொய்டாவின் சூப்பர்டெக் எமரால்டு கோர்ட் வழக்கு. 2005-ல் அங்கே தரைத்தளமும் 9 மாடியுமாக 14 டவர்களுக்கு அனுமதி கிடைத்தது. முதல் டவரை ஒட்டிய இடம் பசுமைப் பகுதி என்று சொல்லித்தான் வீடுகள் விற்கப்பட்டன. 2009-ல் மாற்றப்பட்ட பிளானில் அந்த இடத்துக்கு இரண்டு டவர்கள் வந்தன. 2012-ல் அவற்றை 40 மாடி வரை உயர்த்த அனுமதி தரப்பட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நொய்டா ஆணையத்தின் முத்திரை இருந்தது. ஏற்கெனவே வீடு வாங்கியவர்களின் சம்மதம்தான் இல்லை.

குடியிருப்போர் சங்கம் வழக்குப் போட்டது. 2014-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2021 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கட்டடங்களுக்கு இடையே விட வேண்டிய இடைவெளி விடப்படவில்லை என்பது ஒரு காரணம். உத்தரப் பிரதேச அடுக்குமாடிச் சட்டப்படி வாங்கியவர்களின் சம்மதம் பெறவில்லை என்பது இன்னொன்று. புது டவர் வந்தால் பொது இடத்தில் பழைய உரிமையாளர்களின் பங்கு குறைந்துவிடும் அல்லவா? 2022 ஆகஸ்ட் 28-ல் இரண்டு டவர்களும் சில நொடிகளில் தரைமட்டமாயின.

இன்று இந்தப் பாதுகாப்பு ரெரா சட்டத்தின் 14-வது பிரிவில் நாடு முழுவதற்கும் இருக்கிறது. மாற்றம் உங்கள் வீட்டுக்குள் என்றால், அதாவது அறையின் அளவு, சுவர், பொருத்தித் தருவதாகச் சொன்ன ஃபிட்டிங்ஸ் போன்றவை என்றால், உங்கள் முன்சம்மதம் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஓகே சொன்னாலும் செல்லாது. கட்டுமானக் காரணத்துக்காகத் தேவைப்படும் சின்ன மாற்றத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அதையும் ஆர்க்கிடெக்ட் அல்லது இன்ஜினீயர் சரிபார்த்துப் பரிந்துரைக்க வேண்டும், உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். தூணையோ உத்தரத்தையோ நகர்த்துவது, உயரத்தைக் கூட்டுவது எல்லாம் ‘சின்ன மாற்றம்’ கிடையாது.

மாற்றம் மொத்தக் கட்டடத்திலோ பொது இடத்திலோ என்றால், புக் செய்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேரின் எழுத்துபூர்வ சம்மதம் முன்கூட்டியே வேண்டும். இந்தக் கணக்கில்தான் விளையாட்டு நடக்கும். ஒரு கற்பனை உதாரணம்: மணவூர் ரயில் நிலையம் பக்கத்தில் 60 வீடுகள் கொண்ட ஒரு புராஜெக்ட். 48 வீடுகள் புக் ஆகிவிட்டன. மொட்டை மாடியில் வரவேண்டிய விளையாட்டுத் திடலை எடுத்துவிட்டு இன்னொரு மாடி கட்ட பில்டர் நினைக்கிறார். விற்காத 12 வீடுகளை வைத்து அவர் ஓட்டுப் போட முடியாது. 48-ல் 6 வீடுகளை ஒரே குடும்பம் வாங்கியிருந்தால், அந்தக் குடும்பம் முழுவதற்கும் ஒரே ஓட்டுதான். ஆக மொத்தம் 43 பேர். அதில் 29 பேர் கையெழுத்துப் போட்டால்தான் மாற்றம் செல்லும்.

‘அதான் அக்ரிமென்ட்லயே சம்மதம் கொடுத்துட்டீங்களே’ என்பது பில்டர்களின் வழக்கமான பதில். ‘வருங்காலத்தில் செய்யப்படும் எல்லா மாற்றங்களுக்கும் சம்மதிக்கிறேன்’ என்று ஒரு வரி பல ஒப்பந்தங்களில் ஒளிந்திருக்கும். மகாராஷ்டிரத்தின் பழைய சட்டத்தின் கீழ் வந்த மதுவிஹார் வழக்கில், இப்படி மொத்தமாக எழுதி வாங்குவது சம்மதமாகாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2010-ல் சொன்னது. என்ன மாறப்போகிறது என்பதை முழுதாகச் சொன்ன பிறகு பெறுவதுதான் சம்மதம். ரெரா கேட்பதும் முன்சம்மதத்தைத்தான்.

நீச்சல் குளம் அனுமதி பெற்ற பிளானிலேயே இல்லை, விளம்பரத்தில் மட்டும்தான் இருந்தது என்றால்? அங்கே 12-வது பிரிவு கைகொடுக்கும். விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம். விலக நினைத்தால், கட்டிய பணத்தை வட்டியோடு கேட்கலாம். அதனால் பிரவுச்சரைத் தூக்கிப் போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த படங்களையும் சேமித்து வையுங்கள்.

புராஜெக்ட்டின் பதிவு விவரங்கள் rera.tn.gov.in தளத்தில் இருக்கும். அங்கே உள்ள பிளானை புக் செய்த அன்றே டவுன்லோடு செய்துகொண்டால், பின்னால் டவர்களின் எண்ணிக்கை, மாடிகள், திறந்தவெளி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டாலே மாற்றம் தெரிந்துவிடும். சம்மதம் கேட்காமல் மாற்றியிருந்தால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்யலாம். வேலை முடிந்து நாலு குடும்பம் குடியேறிய பிறகு போவதைவிட, அஸ்திவாரம் தோண்டும்போதே போய்த் தடை கேட்பது நல்லது. எமரால்டு கோர்ட்காரர்கள் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகும் எட்டு வருடம் காத்திருந்தார்கள்.