அலகுக்கு ஒரு வாரம் என்ற கணக்கு

செமஸ்டர் தேர்வுக்கு முன் பாடத்திட்ட பிடிஎஃபிலிருந்து தலைப்புகளைப் பிரித்தெடுத்து, மாணவர்களுக்கு வார அட்டவணை போட்டுக் கொடுப்பது நம் துறைகளில் வழக்கம். ஐந்து அலகு, ஐந்து வாரம் என்றே பல அட்டவணைகள் முடிந்துவிடுகின்றன. பிடிஎஃபிலும் பெரும்பாலும் எல்லா அலகுக்கும் எதிரே 9 என்றே வகுப்பு எண்ணிக்கை இருப்பதால் அது நியாயமாகவும் தோன்றுகிறது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் உள்ள அல்காரிதம்ஸ் பாடத்தை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் அலகில் தலைப்புகள் சிறுகோடுகளால் பிரிக்கப்பட்டு ஒரே பத்தியாக ஓடுகின்றன. சிறுகோட்டைக் கண்ட இடமெல்லாம் வெட்டினால் ‘மேட்ரிக்ஸ்-செயின் மல்டிப்ளிகேஷன்’ இரண்டு தலைப்பாகிவிடும். வரிகளை ஒன்றாக்கிவிட்டு, இருபுறமும் இடைவெளி உள்ள கோட்டில் மட்டும் வெட்ட வேண்டும்:

```
t = ' '.join(t.split())
re.split(r'\s+[-–—]+\s+', t)
```

இதிலும் ஓட்டை உண்டு. தட்டச்சில் இடைவெளி விட்டுப்போன கோடுகள் தப்பிவிடும். உட்தலைப்பு மாறும் இடத்தில் கோடே இல்லாமல் இரண்டு தலைப்புகள் ஒட்டிக்கொள்ளும். பட்டியலில் ஆறு சொல்லுக்கு மேல் நீளும் உருப்படிகளைக் கண்ணால் பார்த்தால் போதும், இவற்றில் பெரும்பாலானவை சிக்கிவிடும்.

ஒழுங்காகப் பிரித்தால் அந்த அலகில் பதினொரு தலைப்புகள் வரும். அவற்றைச் சமமாகப் பங்கிடுவதுதான் அடுத்த தவறு. டைனமிக் ப்ரோகிராமிங்கின் கூறுகள், கிரீடி முறையின் கூறுகள் இரண்டும் பெரும்பாலும் 2 மதிப்பெண் சரக்கு. தலா அரை மணி போதும். மேக்ஸ்-மின், மெர்ஜ் சார்ட், குவிக் சார்ட்டுக்கும் தலா அரை மணி. மேட்ரிக்ஸ்-செயினும் ஆப்டிமல் பைனரி தேடல் மரமும் அட்டவணை கட்டிக் கையால் கணக்குப் போட்டால்தான் வரும். தலா ஒன்றரை மணி. மீதி நான்குக்கும் தலா ஒரு மணி. மொத்தம் ஒன்பதரை மணி. வாரத்துக்கு ஆறு மணி ஒதுக்கும் மாணவனால் இதை ஒரு வாரத்தில் முடிக்க முடியாது. இந்த நேரங்கள் நம் மதிப்பீடுதான். பழைய வினாத்தாள்களை வைத்து அவரவர் திருத்திக்கொள்ளலாம்.

நேரம் போதாதபோது ஒரு அலகையே விட்டுவிடும் மாணவர்கள் இருக்கிறார்கள். வினாத்தாள் அமைப்பு அதற்கு இடம் தராது. பகுதி ‘ஆ’வில் 13 மதிப்பெண் வினாக்கள் ஐந்து, அலகுக்கு ஒன்று, ‘இது அல்லது அது’ என்ற தேர்வு அந்த அலகுக்குள்ளேயே முடிகிறது. ஆகவே வெட்டுவதும் அலகுக்குள்தான் நடக்க வேண்டும். ஆறு வாரம், 36 மணி என்றால் மூன்றாம் அலகு போக மற்ற நான்குக்கும் இருபத்தாறரை மணி மிஞ்சும். அதிலிருந்து கடைசி வாரத்தின் ஆறு மணியைப் பழைய வினாத்தாளுக்கு ஒதுக்கிவிட்டால், நான்கு அலகுக்கும் சராசரி ஐந்து மணிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். மூன்றாம் அலகைப் போலவே கனமான அலகு இன்னொன்று வந்தால் ஆப்டிமல் மெர்ஜ் போன்ற ஒரு தலைப்பைக் கைவிட வேண்டியிருக்கும். எது என்பதை முதல் வாரத்திலேயே மாணவனோடு உட்கார்ந்து முடிவு செய்து அட்டவணையில் எழுதிவிடுவது நல்லது.