சிறு அளவின் உரிமை: ஒரு கொள்கைப் பிரகடனம்

பெண்ணாடத்திலும் விருத்தாசலத்திலும் சிதம்பரத்திலும் கடலூரிலும் ஐம்பது, நூறு என்ற எண்ணிக்கையில் ஆடை தைத்து விற்கும் நாங்கள் இன்று ஓர் இயக்கமாகிறோம். ஆலையின் குறைந்தபட்ச ஆர்டரே ஒரு பிராண்டின் பிறப்பையும் மறைவையும் தீர்மானித்த காலம் முடிந்தது. நூறு சட்டைக்குத் துணி கேட்டவர் தலையில் ஐந்நூறு சட்டைக்கான துணியைக் கட்டிய முறை, விற்காத சரக்கையும் அடைபடாத கடனையும் தவிர வேறெதையும் விளைவிக்கவில்லை.

மினிமத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று இயந்திரத்தில் பிறப்பது. மற்றொன்று வழக்கத்தில் பிறப்பது. முன்னதை மதிக்கிறோம், பின்னதை மறுக்கிறோம். இந்தப் பகுப்பின் மேல்தான் எங்கள் கொள்கை நிற்கிறது.

இயந்திரத்தின் நியாயம் திருப்பூர்ச் சாயப்பட்டறையில் தெளிவாகத் தெரியும். நூறு கிலோ கொள்ளும் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் ஒரு கிலோ துணிக்கு ஆறிலிருந்து எட்டு லிட்டர் வரை தண்ணீர் ஓடும். அதில் இருபத்தைந்து கிலோ மட்டும் ஏற்றினால் தண்ணீரை அதே விகிதத்தில் குறைக்க முடியாது. பம்பும் குழாய்களும் நிறைந்தால்தான் துணி சுற்றும். சாயத்தைத் துணியின் எடைக்கும், உப்பையும் சோடாவையும் தண்ணீரின் அளவுக்கும் கணக்கிட்டுப் போடுகிறார்கள். தண்ணீர் மிகுந்தால் சாயத்தில் ஒரு பங்கு துணியில் ஏறாமல் தண்ணீரிலேயே தங்கிவிடும். கேட்ட நிறம் வெளுத்து வரும். தங்கிய சாயத்துக்கும் செலவு உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமல் சுத்திகரிப்பதே மீண்டும் இயங்குவதற்கான நிபந்தனை ஆயிற்று. அன்று முதல் ஒவ்வொரு லிட்டர் தண்ணீருக்கும் விலை இருக்கிறது. சாயக்கழிவால் நொய்யல் ஆறு அடைந்த துயரத்துக்குப் பிறகு அந்த விலையைக் குறைக்கச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை.

ஆகவே இயந்திரத்தை நிரப்புவோம். தனியாக அல்ல, கூட்டாக. நான்கு பிராண்டுகள், தலைக்கு இருபத்தைந்து கிலோ கோரா துணி, ஒரே பச்சை நிறம், ஒரே லாட். கழுவி, வெளுத்து, சாயமேற்றி வருவதற்குள் பருத்தி ஐந்து முதல் எட்டு சதவீதம் வரை எடை இழக்கும். ஒவ்வொருவர் கைக்கும் சுமார் இருபத்து மூன்று கிலோ வரும். வெட்டுக் கழிவும் சேர்த்து ஒரு டி-சர்ட்டுக்கு இருநூற்று இருபது கிராம் என்று கொண்டால் நூறு சட்டைக்குச் சற்று மேல் தேறும். கேட்ட அளவும் அதுவே, கிடைத்த அளவும் அதுவே.

இந்தக் கூட்டு சில ஒழுக்கங்களைக் கோருகிறது. கழுத்துக்கான ரிப் துணி உடல் துணியோடு அதே தொட்டியில் இறங்க வேண்டும். பிறகு தனியாகச் சாயமேற்றினால் கழுத்து ஒரு பச்சை, உடல் ஒரு பச்சை என்று ஆகும். பட்டறை அனுப்பும் மூன்று நான்கு லேப் டிப்புகளில் ஒன்றை நால்வரும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். கைபேசிப் படத்தைப் பார்த்துச் சம்மதம் சொல்வதை நாங்கள் ஏற்பதில்லை. துணி வந்ததும் ஒவ்வொரு ரோலின் முனையிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி, வரிசையாக ஒட்டித் தைத்து, அந்தப் பட்டையை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு தையலைத் தாண்டும்போது கண் இடறினால் அந்த இரண்டு ரோல்களும் ஒரே சட்டையில் சேரக் கூடாது. ஒன்றின் கையும் மற்றதன் உடலும் இணைந்தால் மேசையில் தெரியாத வேறுபாடு வெயிலில் நிற்கும்போது தெரிந்துவிடும். அடுத்த மாதம் மீண்டும் ஏற்றும் லாட் இதே பச்சையாக இராது என்பதையும் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்வோம்.

நிறம் பொது, வடிவம் தனி. ஒருவர் சட்டைப்பையால் வேறுபடுவார், ஒருவர் அச்சால், ஒருவர் வெட்டால். தன் நிறம் தனக்கே வேண்டும் என்பவர் சிறு தொட்டியில் சாயமேற்றி, அதற்கான சர்சார்ஜைக் கொடுக்கட்டும். அதை அவமானமாக நாங்கள் கருதவில்லை. கிலோவுக்குக் கூடுதலாகக் கொடுத்து எழுபது சட்டை வாங்குவது, மலிவாக முந்நூறு வாங்கி இருநூற்று முப்பதைப் பரணில் ஏற்றுவதை விடச் சிக்கனம்.

திருப்பூர் காதர்பேட்டையில் கிடைக்கும் ஏற்றுமதி மிச்சத்துணியை ஒரு முறை வாங்குவோம். அதன் மேல் பிராண்டைக் கட்ட மாட்டோம். அதற்கு மறு ஆர்டர் கிடையாது. எதற்காக மிச்சமானது என்பதை அந்தத் துணியே சொல்லும்: வெளிச்சத்துக்கு எதிரே விரித்தால் ஊசிக்கோடு தெரியும், துவைத்து அளந்தால் சுருக்கம் தெரியும். இரண்டையும் பார்க்காமல் வெட்டுமேசையில் ஏற்றுவதில்லை.

இனி வழக்கத்தின் மினிமம். நெய்த லேபிளுக்கு ஆயிரம் என்பார்கள். தறியில் வடிவத்தை ஏற்றி ஓட்டத் தொடங்கும் செலவு உண்மையானது. ஆகவே அந்த ஆயிரத்தை ஏற்கிறோம். ஆனால் பிராண்டு பெயரையும் சைசையும் ஒரே லேபிளில் நெய்தால் ஐந்து சைசுக்கு ஐந்து ஆயிரம் ஆகிறது. இந்தப் பெருக்கத்துக்கு இயந்திரம் காரணமல்ல, நம் வடிவமைப்பே காரணம். பெயர் லேபிளில் சைஸ் இராது. சைசுக்குக் கடையில் ரோலாக விற்கும் சிறு துண்டு லேபிள் தனியே தைக்கப்படும். ஆயிரம் பெயர் லேபிள்கள் பல நிறங்களுக்கும் பல பருவங்களுக்கும் வரும், கெடவும் கெடாது. பட்டனிலும் இதே முறைதான். துணியின் நிறத்துக்குச் சாயமேற்றிய பட்டன் கேட்டால் பெருந்தொகை கேட்பார்கள். கடையில் எப்போதும் இருக்கும் வெள்ளை, கறுப்பு, தேங்காய்ச் சிரட்டை ஆகிய மூன்றுக்கும் ஏற்ப வடிவமைத்தால் ஒரு குரோஸ், அதாவது 144 பட்டன் வாங்கினால் போதும். சட்டைக்கு எட்டு என்றால் பதினெட்டுச் சட்டைக்கு ஆகும்.

எங்கள் மண்ணுக்குக் கைத்தறி என்ற இன்னொரு வழியும் உண்டு. விருத்தாசலத்திலிருந்து கடலூர் போகும் ரயில் பாதையில் கைலிக்குப் பேர்போன குறிஞ்சிப்பாடி இருக்கிறது; சிதம்பரத்துக்கு அருகே புவனகிரி இருக்கிறது. கைத்தறியில் மினிமம் என்பது பாவு. ஊடையில் மினிமம் இல்லை. பாவு ஓட்டிப் பிணைப்பதே உழைப்பு. அது தறியில் ஏறிய பிறகு நாடாவில் நூலை மாற்ற ஒரு நிமிடம் போதும். ஆகவே ஒரே வெள்ளைப் பாவில் முதல் பத்து மீட்டர் ஒருவருக்கு நீல ஊடை, அடுத்த பத்து மற்றொருவருக்கு மஞ்சள் ஊடை. இதன் எல்லையையும் அறிவோம்: வெள்ளைப் பாவின் மேல் அடர்ந்த கறுப்பு வராது, எல்லா நிறமும் ஒரு படி வெளிறித்தான் இருக்கும். அந்த மென்மையை வேண்டுவோர் இந்தக் கூட்டில் சேர்வர். நெசவாளரின் கூலி மீட்டருக்கு உரியதோடு நிற்காது. ஒவ்வொரு ஊடை மாற்றத்துக்கும் தனிக் கூலி தருவோம். எங்கள் சிறு அளவின் சுமை அவர் தோளில் இறங்குவதை இந்த இயக்கம் அனுமதிக்காது.

கூட்டு இந்தக் கரைக்குப் புதிதல்ல. சோழமண்டலக் கரையின் துணி வணிகர்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே பங்கு போட்டுத் திரண்டு ஐரோப்பியக் கம்பெனிகளோடு ஒப்பந்தம் செய்தார்கள். தனி ஒருவரால் தாங்க இயலாத ஆர்டரை அவர்கள் பலர் சேர்ந்து தாங்கினார்கள். தனி ஒருவரால் எட்ட இயலாத மினிமத்தை நாங்கள் பலர் சேர்ந்து எட்டுகிறோம்.

பெண்ணாடத்தில் லாட் ஏடு திறக்கப்படுகிறது. நிறம், கிலோ, தேதி ஆகிய மூன்றையும் எழுதி, தன் பங்குத் துணிக்கும் சாயத்துக்கும் முழுத் தொகையைக் கட்டியவரே அந்த லாட்டின் உறுப்பினர். வாய்ச்சொல்லுக்கு இடமில்லை, நூறு கிலோவில் ஒருவர் விலகினால் மற்ற மூவரின் நிறமும் வெளுக்கும். லேப் டிப்பில் கையொப்பமிட்ட பிறகு விலகுபவர் பணத்தைத் திரும்பப் பெற மாட்டார். அவர் பங்குத் துணி மற்ற மூவருக்கும் சமமாகச் சேரும். ஏடு நிறைந்த நாளிலேயே கோரா துணி பட்டறைக்குப் புறப்படும்.