3.2 என்ற எண்ணை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்ல மாட்டோம்

கரியமாணிக்கத்தில் மாலையில் கூடிப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் எங்கள் வட்டத்தின் நிலைப்பாடு இது. 2025 ஜனவரி 31 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பொருளாதார ஆய்வறிக்கையை "வளர்ச்சி 6.4, வேலையின்மை 3.2" என்று ஒற்றை வரியில் சுருக்கும் குறிப்புகளை இனி எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. எண் யாரைக் கணக்கில் எடுத்தது, எத்தனை நாளைப் பார்த்தது என்பதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

3.2 சதவீதம் என்பது 2023-24இல், 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை "வழக்கமான நிலை" என்ற முறையில் அளந்தது. இதற்குப் பார்ப்பது முந்தைய ஓராண்டு. எங்களில் ஒருவர் வருஷம் முழுக்க வேலைக்கு அலைகிறார்; நடுவே நடவுக்கும் அறுப்புக்கும் அப்பாவின் நிலத்தில் 35 நாள் இறங்குகிறார் என்று வையுங்கள். கூலி ஒரு பைசா இல்லை. ஆனாலும் 30 நாளைத் தாண்டிவிட்டதால் அவர் வேலையில் இருப்பவர்தான். வேலை தேடாமல் படிப்பே கதியென்று கிடப்பவரோ வேலையில் இருப்பவர், வேலையில்லாதவர் என்ற இரண்டு பட்டியலிலும் வரமாட்டார்.

கணக்கு எளிது. நூறு பேரில் வேலை செய்பவர்கள், தேடுபவர்கள் இருவரும் சேர்ந்து 60.1, வேலை செய்பவர்கள் மட்டும் 58.2. மிச்சம் 1.9. இதை 60.1ஆல் வகுத்தால் 3.2 சதவீதம் வரும். வகுப்பது நூறால் அல்ல. தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

2017-18இல் இதே விகிதம் 6. அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது உண்மை. ஆனால் அதே காலத்தில் சுயதொழிலில் இருப்போர் 52.2இலிருந்து 58.4 சதவீதமாகக் கூடினார்கள். மாதச் சம்பளக்காரர்கள் 22.8இலிருந்து 21.7ஆகக் குறைந்தார்கள். கணவரின் டிபன் கடையில் சம்பளமில்லாமல் மாவரைக்கும் அக்காவும் "சுயதொழில்" கணக்குதான். இதைச் சொல்லாத சுருக்கம் பாதிச் சுருக்கம் என்பது எங்கள் கருத்து.

2025 மே முதல் மாதாந்திர அறிக்கையும் வருகிறது. ஏப்ரல் மாதத்துக்கு அது சொன்னது 5.1 சதவீதம். ஒரே ஆண்டில் வேலையின்மை எகிறிவிட்டதென்று பதறியவர்கள் உண்டு. அந்த அறிக்கை பார்ப்பது கடைசி 7 நாளை மட்டும். அளவுகோல் வேறு, இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது.

வளர்ச்சி 6.4 என்பது முதல் முன்கூட்டிய மதிப்பீடு. மே மாதத்துக்குள் 6.5 ஆகிவிட்டது. விலைவாசியில் எங்களுக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: ஒட்டுமொத்தச் சில்லறைப் பணவீக்கம் 5.4இலிருந்து 4.9ஆக இறங்கியபோது, உணவுப் பணவீக்கம் 7.5இலிருந்து 8.4ஆக ஏறியது. இதில் 4.9, 8.4 இரண்டும் 2024 ஏப்ரல் முதல் டிசம்பர் வரையிலான கணக்கு, முழு ஆண்டு அல்ல.

இனி நாங்கள் தரும் தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஆண்டு, வயது வரம்பு, அளவிட்ட முறை மூன்றும் இருக்கும். இல்லாத தாளை, யார் கொடுத்தாலும், திருப்பிக் கொடுத்துவிடுவோம்.