பிரைவேட் ரெப்போ பெட்டகம் இல்லை

பாஸ்வேர்டையும் ரகசியச் சாவியையும் கோடுக்குள்ளேயே எழுதி வைக்கிற கனபேர் சொல்லுற சமாதானம் ஒன்று இருக்கு: ரெப்போ பிரைவேட் தானே, வெளியாள் யார் பார்க்கப் போகினம்? எனக்கு இது சரியாப் படேல்ல. ஊபர் இரண்டு தரம் பட்ட பாட்டைப் பாருங்கோ. தோர்ண்டன் ஹீத்தில ஊபர் ஓடுற எங்கட ஆக்கள் இருக்கினம், அதால இது தூரத்துக் கதையும் இல்லை.

2014 இல் ஊபர் பொறியாளர் ஒருவர் அமேசான் சேமிப்பகத்தின் சாவியோடு கோடை கிட்ஹப்பில் எல்லாருக்கும் தெரியப் போட்டுவிட்டார். அதை எடுத்த ஒருவர் உள்ளே போய் ஓட்டுநர்களின் விவரங்களைப் பார்த்தார். சரி, அது பப்ளிக். ஆனால் 2016 இல் சாவி இருந்தது பிரைவேட் ரெப்போவில். வேறு தளங்களில் கசிந்த பாஸ்வேர்டுகளை வைத்து ஊழியர்களின் கிட்ஹப் கணக்குகளைத் திறந்து பார்த்தார்கள், சில திறந்தன. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கட்டாயமாக இருக்கவில்லை. உள்ளே கோடில் சாவி வெறும் எழுத்தாகவே கிடந்தது.

உலகம் முழுக்க 5.7 கோடிப் பேரின் விவரம் போனது. பிரிட்டனில் மட்டும் 27 லட்சம் வாடிக்கையாளர்கள், கிட்டத்தட்ட 82,000 ஓட்டுநர்கள். ஓட்டுநர்கள் எங்கே ஓடினார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்பதும் அதில் இருந்தது. ஊபர் ஒரு வருஷம் மூடி மறைத்தது. 2018 நவம்பரில் இங்குள்ள தகவல் ஆணையர் அலுவலகம் 3,85,000 பவுண்ட் அபராதம் போட்டது.

ஆக, ரெப்போவின் பூட்டு என்பது அதைத் திறக்கக்கூடிய ஆட்களில் ஆகக் கவனக்குறைவானவரின் பாஸ்வேர்டுதான். அந்த ரெப்போவை நாளைக்கு ஒரு கொன்ட்ராக்டருக்குக் கொடுத்தாலும், பப்ளிக் ஆக்கினாலும், பழைய வரலாறும் சேர்ந்தே போகும். சாவி இருந்த வரியை அழித்துப் புதுசாக் கொமிட் பண்ணினால் போயிடும் எண்டு நினைக்காதேங்கோ. பழைய கொமிட்டில் அது அப்படியே இருக்கும். உங்கட ரெப்போவில் இதை ஓட்டிப் பாருங்கோ:

```
git log --all -p -S'AKIA'
```

அமேசானின் நீண்டகாலச் சாவிகளின் அடையாள எண் `AKIA` என்றுதான் தொடங்கும். அது எப்போதோ சேர்ந்த, நீக்கப்பட்ட கொமிட்டுகளை இது காட்டித்தரும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டுக்கு இப்படி ஒரு முகவரி இல்லாததால் அது இதில சிக்காது. அதுக்கு `password`, `secret` எண்டு தேடிக் கையால பார்க்க வேண்டியதுதான்.

ஏதும் அகப்பட்டால், வரலாற்றைத் துடைக்க ஓடாதேங்கோ, ஏற்கெனவே குளோன் எடுத்தவரிட்ட அது இருக்கும். முதல்ல அமேசான் கணக்குக்குப் போய்ச் சாவியை முடக்குங்கோ, புதுசை கோடுக்கு வெளியே என்வயர்ன்மென்ட் வேரியபிளில் வையுங்கோ. பிறகு கிளவுட்ரெயில் பதிவில் பழைய சாவியை எந்த ஐபியிலிருந்து யார் பாவிச்சிருக்கினம் எண்டு பாருங்கோ. துடைக்கிற வேலை அதுக்குப் பிறகு.