இருமல் பாணியும் இளங்குழந்தைகளும்

மாரி மழை தொடங்கியதும் மருதமுனை முதல் நிந்தவூர் வரையுள்ள நமது கரையோர வீடுகளில் பிள்ளைகளுக்குத் தடிமனும் இருமலும் காண்பது ஆண்டுதோறும் நிகழ்வதே. வயலிலிருந்து திரும்பும் தகப்பன் வழியிலுள்ள பார்மசியில் நின்று, "பிள்ளைக்கு இருமல், ஒரு பாணி தாங்க" என்று கேட்பதும் வழமையே. பிள்ளையின் வயதென்ன, நிறையென்ன என்று விற்பவர் பல வேளைகளில் வினவுவதில்லை. போத்தலுக்குள் இருப்பது என்னவென்று வாங்குபவரும் வினவுவதில்லை. வினவப்படாத இந்தக் கேள்விகளைப் பற்றியே இவ்வாரம் எழுதக் கருதினோம்.

2025ஆம் ஆண்டு செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்து சிந்த்வாரா மாவட்டத்தில் நேர்ந்தது வாசகர்களின் நினைவில் இருக்கும். சாதாரணக் காய்ச்சலும் இருமலுமாக வைத்தியரிடம் கொண்டுசெல்லப்பட்ட குழந்தைகள் ‘கோல்ட்ரிப்’ என்னும் பாணியைப் பருகினர். சில நாட்களில் அவர்களுக்குச் சிறுநீர் குறைந்தது. பின்பு அறவே நின்றது. நாகபுரி மருத்துவமனைகளுக்குக் கொண்டோடியும் பயனின்றி இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டோர். அப்பாணி செய்யப்பட்ட இடமோ தமிழ்நாட்டுக் காஞ்சிபுரம் மாவட்டம், சுங்குவார்சத்திரத்திலிருந்த ஸ்ரேசன் மருந்து நிறுவனம்.

தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் எஸ்.ஆர்.13 என்னும் தொகுதியை ஆராய்ந்தபோது, நூறு மில்லிலீற்றரில் 48.6 கிராம் டையெதிலீன் கிளைக்கோல் இருக்கக் கண்டனர். வாகனங்களின் தடுப்பெண்ணெயிலும் ஆலைகளிலும் பயன்படும் நஞ்சு அது. பாணிகளில் மருந்தைக் கரைத்து வைப்பதற்குப் புரொப்பிலீன் கிளைக்கோல் என்னும் திரவத்தைச் சேர்ப்பர். மலிவான ஆலைத்தரச் சரக்கில் நஞ்சு கலந்திருந்தாலும் இரண்டும் நிறமற்றவை, இரண்டும் தித்திப்பவை. கண்ணாலும் நாவாலும் பிரித்தறிய வழியில்லை. ஆய்வுகூடத்திற் சோதித்தாலன்றி உண்மை புலப்படாது. கணக்கை வாசகரே பார்க்கட்டும். ஐந்து மில்லிலீற்றர் கொள்ளும் ஒரு தேக்கரண்டியில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு ஐந்து மில்லிகிராம். அப்போத்தலிலிருந்து ஊற்றிய ஒரு கரண்டியிலோ ஏறத்தாழ 2,400 மில்லிகிராம்! உடலுக்குள் அது அமிலமாக மாறிச் சிறுநீரகத்தை அழித்துவிடுகிறது.

நிறுவனத்தின் உரிமம் இரத்தாயிற்று, கைதுகளும் நிகழ்ந்தன. குற்றம் யாருடையதென்பதை நீதிமன்றம் தீர்க்கட்டும். ஆனால், "நஞ்சு கலந்ததால் அல்லவா இந்த விபரீதம், நல்ல கம்பனியின் பாணியானால் அச்சமில்லையே" என்று ஆறுதல் கொள்வோருக்கு நாம் கூறவேண்டியது ஒன்றுண்டு. ஒரு துளி நஞ்சும் கலவாத தூய இருமல் பாணியையும் இளங்குழந்தைக்குக் கொடுக்கலாகாது என்பதே இன்றைய மருத்துவத்தின் முடிபு. 2025 ஒக்டோபர் 3ஆம் திகதி இந்திய சுகாதாரச் சேவைகள் தலைமையகம், இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு இருமல், தடிமன் மருந்துகளை எழுதவோ வழங்கவோ வேண்டாமென்றும், ஐந்து வயதுக்குக் கீழ் அவை பொதுவாக உகந்தவையல்ல என்றும் அறிவித்தது. இங்கிலாந்திலோ 2009ஆம் ஆண்டிலேயே ஆறு வயதை எல்லையாக வைத்துவிட்டனர்.

ஏன் இந்தக் கண்டிப்பு? கோல்ட்ரிப் போத்தலின் சுட்டியையே எடுத்துக்கொள்வோம். அதிற் கூறப்பட்டவை மூன்று மருந்துகள்: பரசிற்றமோல், குளோர்பெனிரமின், பினைல்எப்ரின். முதலாவது காய்ச்சலுக்கு உரியது; இருமலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டாவது ‘பிரிற்றன்’ என்னும் பெயரில் நம் வீடுகளுக்குப் பழக்கமானது. ஒவ்வாமையைத் தணிப்பது, தூக்கத்தைத் தருவது. மூன்றாவது மூக்கடைப்பை நீக்குமென்று சொல்லப்படுவது. வாயால் உட்கொள்ளும் பினைல்எப்ரின் வளர்ந்தோருக்கே பயன்படவில்லை என்று 2023 செப்டெம்பரில் அமெரிக்க அரசின் ஆலோசனைக் குழு ஒருமுகமாக முடிவு செய்தது. வளர்ந்தோருக்கே உதவாததைப் பாலகருக்கு ஊட்டுவது என்ன நியாயம்? பின்னிரண்டும் சேர்ந்த கூட்டு மருந்தை நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குத் தரலாகாதென இந்திய மருந்துக் கட்டுப்பாட்டாளர் 2023 டிசெம்பரிலேயே பணித்திருந்தார். கட்டளை காகிதத்தில் இருந்தது. பாணி குழந்தைகளின் வாயில் இருந்தது.

"பாணி கொடுத்தோம், பிள்ளை உறங்கிற்று, இருமலும் மாறிற்று, இதைவிடச் சாட்சியம் வேண்டுமோ?" என்று தாய்மார் கேட்பர். சாட்சியத்தைச் சற்றே குறுக்கு விசாரணை செய்வோம். பிள்ளை உறங்கியது நோய் தணிந்தமையால் அன்று, மருந்து மயக்கியமையால். இருமல் மாறியது பாணியினாலன்று. வைரசுக் கிருமியால் வரும் தடிமன் தானாகவே மாறும் இயல்புடையது. இருமும் குழந்தைகளிற் பாதிப்பேருக்குப் பத்து நாளிலும், பத்தில் ஒன்பது பேருக்கு இருபத்தைந்து நாளிலும் இருமல் நின்றுவிடுவதை ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். நாட்கள் செய்த வேலைக்குப் போத்தல் பெயர் வாங்கிக்கொள்கிறது. இருமல் மருந்தையும் மருந்தற்ற வெறும் பாணியையும் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வுகளில் மருந்து மேம்பட்டதாகத் தெரியவில்லை.

நன்மை இல்லை, தீமையாவது இல்லையா? உண்டு. கைக்குழந்தை சளியைக் காறித் துப்ப அறியாது. இருமலே அதன் குறுகிய மூச்சுக்குழாயைத் துப்புரவு செய்யும் கருவி. அதை மயக்கத்தால் அடக்கினால் சளி உள்ளேயே தேங்கும். மூச்சே மந்தமாவதும் உண்டு. மூக்கடைப்பு மருந்துகள் இதயத் துடிப்பை விரைவாக்கும். 2005இல் அமெரிக்காவில் ஆறு மாதத்துக்கு மேற்படாத மூன்று சிசுக்கள் இறந்தபோது, அவற்றின் இரத்தத்தில் அத்தகைய மருந்தொன்று மிகையாகக் காணப்பட்டது. இம்மருந்துகளின் அளவுகள் குழந்தைகளிற் சோதித்துக் கண்டவையல்ல. வளர்ந்தோரின் அளவைப் பங்கிட்டுக் குறைத்தவை. போதாக்குறைக்கு, காய்ச்சலுக்கென ஒரு போத்தலும் தடிமனுக்கென மறு போத்தலும் கொடுக்கும் வீட்டில், இரண்டிலும் பரசிற்றமோல் இருப்பதை அறியாமல் இருமடங்கு புகட்டுவதும், அளவுக் குவளைக்குப் பதில் அடுக்களைக் கரண்டியைக் கையாள்வதும் நேர்கின்றன. வயலுக்கு அடிக்கும் மருந்தைக் கூட அளந்து கலக்கும் நம் விவசாயப் பெருமக்கள், ஏழு கிலோ நிறையுள்ள சிசுவுக்குக் கண்மட்டத்தில் ஊற்றலாமா?

அப்படியாயின் என்ன செய்வது? தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். பெரிய பிள்ளைக்கு இளஞ்சூட்டு நீராகாரம் போதும். அடைத்த மூக்கில் பார்மசியில் விற்கும் உப்புநீர்த் துளிகளை விடலாம். ஒரு வயது கடந்த பிள்ளைக்குப் படுக்குமுன் அரைத் தேக்கரண்டி தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. தேனிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமிவித்து அக்குடலில் முளைத்து உடலை முடக்கும் நஞ்சை உண்டாக்க வல்லது. பிறந்த சிசுவின் நாவில் தேன் தொட்டு வைக்கும் வீட்டார் இதைக் கவனிப்பாராக. கொதிநீரில் வேது பிடிப்பதும் வேண்டாம், வெந்துபோகும் அபாயமுண்டு.

பார்மசிக்காரருக்கும் ஒரு வேண்டுகோள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கென்று கேட்டால், வைத்தியரின் சிட்டையின்றி இருமல் பாணியை எடுத்துக் கொடாதீர்கள். ஒரு போத்தலின் இலாபம் போனால் போகட்டும்.

எந்தக் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டோடவேண்டும் என்பதையும் வீட்டார் அறிந்திருத்தல் அவசியம். பிள்ளை அமைதியாய் இருக்கும்போது சட்டையை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு அறுபது, ஒரு வயது வரை ஐம்பது, அதன்பின் ஐந்து வயது வரை நாற்பது. இவற்றை எட்டினாலோ மிஞ்சினாலோ அது வெறும் தடிமனன்று. மூச்சிழுக்கையில் நெஞ்சின் கீழ்ப்புறம் உட்குழிந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், உதடு நீலம் பாரித்தாலும், எழுப்பினும் எழாது சோர்ந்து கிடந்தாலும் விடியும்வரை காத்திராதீர்கள். ஏற்கெனவே ஏதேனும் பாணி கொடுத்திருந்து சிறுநீர் குறைந்தால், வாந்தியும் கண்டால், பிள்ளையோடு அந்தப் போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதிலுள்ள தொகுதி எண் வைத்தியருக்கு வேண்டியிருக்கும்.